நெடும்பயணக் கதையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தடை, ஒரு மாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிகுபுனைவுக் கதை எழுதும் நண்பர்கள் கைப்பிரதியைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்பார்கள். முதல் ஐந்து அத்தியாயம் நன்றாக ஓடும், ஆட்கள் ஊரைவிட்டுக் கிளம்பியதும் கதை படுத்துவிடும். அந்த இடத்தில் அவர்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கேட்டபடியே இங்கே எழுதிவைத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போவதால் மேலிருந்து படிப்பது நல்லது.

கிளம்புற வரைக்கும் கதை நல்லா இருக்கு, பயணம் ஆரம்பிச்சதும் இழுக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஏன்?

ஊரில் இருக்கும்போது உங்கள் ஒவ்வொரு காட்சியும் எதையாவது மாற்றிக்கொண்டே இருந்தது. யாரோ இறந்தார், ஒரு ரகசியம் வெளியே வந்தது, ஒரு கல்யாணம் நின்றது. கிளம்பிய பிறகு மாறுவது சுற்றியுள்ள காட்சி மட்டும். காடு வருகிறது, அழகாக வர்ணிக்கிறீர்கள், அப்புறம் மலை வருகிறது, அதையும் வர்ணிக்கிறீர்கள், ஆனால் காட்டுக்குள் நுழைந்த அதே ஆட்கள் அதே உறவோடு, அதே மூட்டைமுடிச்சோடு, அதே அவசரத்தோடு வெளியே வருகிறார்கள். இடம் புதிதாக இருப்பது வாசகருக்கு இரண்டு பக்கத்துக்குத்தான் போதும்.

அதனால் பயணத்தைக் கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, அந்த நிலத்தால் மட்டுமே தரக்கூடிய ஒரு தடை. இன்னொன்று, அதைக் கடந்ததால் வந்த, திரும்ப எடுத்துக்கொள்ள முடியாத ஒரு மாற்றம். இது இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. இரண்டாம் கட்டத்தையும் நான்காம் கட்டத்தையும் மனதுக்குள் இடம் மாற்றி வையுங்கள். கதை அப்படியே ஓடினால் அந்த இரண்டிலும் எதுவுமே நடக்கவில்லை என்று அர்த்தம். இந்த இடமாற்றுச் சோதனை கீழே பல பதில்களில் வரும்.

தடைன்னா சண்டையா? ஒவ்வொரு கட்டத்துலயும் யாராவது வந்து தாக்கணுமா?

வேண்டாம். கைப்பிரதிகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். சமவெளியில் கொள்ளையர், காட்டில் ஓநாய், மலையில் பூதம் என்று ஆள் மட்டும் மாறுவார்கள், நடப்பது ஒன்றுதான்: தாக்கினார்கள், திருப்பி அடித்தோம், ஒருவனுக்குக் காயம். மூன்றாவது முறை வாள் உருவப்படும்போது வாசகர் பக்கத்தைத் தள்ளிவிடுவார்.

தடை என்பது, இந்தக் கூட்டம் இந்த இடத்தை இவர்களுக்குத் தெரிந்த வழியில் கடக்க முடியாமல் செய்வது எதுவோ அது. அந்த நிலத்தையே கேட்டுப்பாருங்கள். சாலையில் மனிதர்கள் அதிகம், எனவே அங்கே கேள்வி கேட்பவர்கள்தான் தடை. ஆற்றில் மறுகரை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் போக முடியவில்லை. அடர்ந்த காட்டில் சூரியன் தெரியாது, அதனால் திசை தெரியாது. பாலையில் தண்ணீர்க் கணக்கு. உயர்ந்த மலையில் குளிரும் மூச்சும். ஒவ்வொன்றும் மனிதனிடம் வேறு வேறு திறமையைக் கேட்கிறது: ஒரு இடத்தில் பேச்சு, ஒரு இடத்தில் பொறுமை, இன்னொரு இடத்தில் விட்டுக்கொடுப்பது. சண்டை வேண்டுமென்றால் மொத்தப் பயணத்துக்கும் ஒன்று வையுங்கள், அது நினைவில் நிற்கும்.

மாற்றம்னா கதாநாயகிக்கு மனசு மாறணுமா? ஒவ்வொரு கட்டத்துலயும் ஞானம் வர முடியுமா?

மனது மாறுவது ஒரு வகை மாற்றம் மட்டும். அதை ஒவ்வொரு கட்டத்திலும் செய்தால் ஆள் நம்பும்படி இருக்க மாட்டாள். இதைவிட எளிதாகக் கண்ணுக்குத் தெரிகிற மாற்றங்கள் நிறைய இருக்கின்றன. கூட வந்த ஒருவர் குறைகிறார் அல்லது கூடுகிறார். கையிலிருந்த ஒரு பொருள் போய்விடுகிறது. அதுவரை இல்லாத கெடு ஒன்று வந்து சேர்கிறது. ஒரு பொய் சொல்லப்பட்டு, அது அவர்களுக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்விடுகிறது. கூலிக்கு வந்தவன் கூலிக்காக வருவதை நிறுத்துகிறான்.

இவற்றில் நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்ப்பேன்: அடுத்த கட்டத்தில் அவர்கள் எடுக்கக்கூடிய முடிவுகள் இதனால் மாறுகின்றனவா? காயம் பட்டு, இரண்டு பக்கம் கழித்து ஆறிவிட்டால் அது மாற்றம் இல்லை. காயம்பட்டவனால் இனி துடுப்புப் போட முடியாது, அடுத்து வருவதோ ஆறு என்றால் அது மாற்றம்.

எத்தனை கட்டமா பிரிக்கிறது? 40 நாள் பயணம்னா 40 அத்தியாயமா?

நாளை வைத்துப் பிரிக்காதீர்கள். கேள்வி மாறும் இடத்தில் பிரியுங்கள். 12 நாள் காடு முழுவதும் "வழி எங்கே" என்ற ஒரே கேள்விதான் என்றால் அது ஒரு கட்டம்தான். ஒரே நாளில் ஆற்றைக் கடக்கிறார்கள், ஆனால் எல்லாமே மாறிப்போகிறது என்றால் அந்த ஒரு நாளும் ஒரு கட்டம்.

ஒரு நாவலுக்கு நான்கிலிருந்து ஆறு கட்டம் தாங்கும் என்பது என் அனுபவம். அதற்கு மேல் போனால் முந்தைய மாற்றங்களை வாசகர் மறக்கத் தொடங்குகிறார், நீங்களும் மறந்துவிடுகிறீர்கள். சில கைப்பிரதிகளில் 11 கட்டம் வரை எண்ணியிருக்கிறேன். சோதனை போட்டுப் பார்த்தால் அவற்றில் பாதி இடம் மாற்றினாலும் ஒன்றும் ஆகாதவை.

பொதுவா சொன்னா புரியல. ஒரு முழு பயணத்தை எடுத்து காட்ட முடியுமா?

சரி, இதற்கென்றே ஒரு கதை கட்டிக்கொள்வோம். வேணி குயவர் வீட்டுப் பெண். அவள் ஊர் ஊற்று வற்றிவிட்டது. ஊற்றின் அடியில் கிடைத்த நீர்விதையை வடக்கே மலை ஏரியில் நட்டால் ஊற்று திரும்பும். விதைக்கு ஒரே ஒரு விதி: எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்தால் செத்துவிடும். அவள் தானே வனைந்த மண்குடத்தில் அதை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். வழி முழுவதையும் மனப்பாடமாக வைத்திருக்கும் சித்தப்பா, பாதிக் கூலி வாங்கிக்கொண்டு காவலுக்கு வரும் கொற்றன், ஒரு கழுதை, இவர்கள்தான் கூட்டம். கட்டங்கள் ஐந்து: சாலை 6 நாள், ஆறு 3 நாள், காடு 12 நாள், உப்புவெளி 6 நாள், மலை 7 நாள். உப்புவெளியைச் சுற்றிக்கொண்டு போகப் பாதுகாப்பான வழியும் உண்டு, அதற்கு 20 நாள். கிளம்பும்போது அந்தச் சுற்றுவழியில் போவதாகத்தான் திட்டம்.

சாலையில் ஆபத்து இல்லை, ஆட்கள்தான் இருக்கிறார்கள். சுங்கச்சாவடியில் எல்லாக் குடத்தையும் திறந்து காட்டச் சொல்கிறார்கள், விலையுள்ளதாகப் பட்டால் பறித்துக்கொள்வார்கள். இதுவரை பொய் சொல்லாத வேணி, உள்ளே தொற்றுநோய்க்காரரின் மருந்து இருக்கிறது, திறந்தால் உங்களுக்கும் ஒட்டும் என்கிறாள். விடுகிறார்கள். ஆனால் "நோய்க்காரக் கூட்டம் வருகிறது" என்ற செய்தி அவர்களைவிட வேகமாகப் போகிறது. கட்டத்தின் மாற்றம் இதுதான். இனி எந்த ஊருக்குள்ளும் அவர்களால் நுழைய முடியாது.

அதனால் ஆற்றுப் பாலத்தில் காவலர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். வெள்ளத்தில் கட்டுமரம் கட்டிக் கடக்க வேண்டியதாகிறது, நடு ஆற்றில் அது கவிழ்கிறது. குடம் கிடைத்துவிடுகிறது, ஆனால் இரவெல்லாம் வெள்ளத்தில் கிடந்த விதை முளைத்துவிட்டது. விதை எத்தனை நாளும் காத்திருக்கும், முளை காத்திருக்காது, 30 நாளுக்குள் நட வேண்டும். இப்போது கணக்கைப் பாருங்கள். சுற்றுவழியில் போனால் 12 + 20 + 7, அதாவது 39 நாள். உப்புவெளியைக் குறுக்கே கடந்தால் 12 + 6 + 7, அதாவது 25 நாள். யாரும் நினைத்தே பார்க்காத உப்புவெளிதான் இப்போது ஒரே வழி, கையில் 5 நாள் மிச்சம்.

காட்டில் திசை தெரிந்தவர் சித்தப்பா மட்டும், அவருக்குக் காய்ச்சல் வந்து நடக்க முடியாமல் போகிறது. காட்டுக் குடியிருப்பில் இடம் கேட்டால் நோய்க்காரர் என்று கதவடைக்கிறார்கள். வேணி உண்மையைச் சொல்லி, குடத்தைத் திறந்து காட்டி, நம்பவைக்க வேண்டியிருக்கிறது. அதற்கு 3 நாள் போகிறது. சித்தப்பாவை ஏற்றுக்கொள்கிறார்கள், அவர் அங்கேயே தங்குகிறார். மீதி வழியை வேணிக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்யவைத்து அனுப்புகிறார். இப்போது ஆள் இரண்டு, மிச்சம் 2 நாள்.

உப்புவெளியை அடுத்த பதிலில் தனியாகப் பார்க்கலாம், அங்கே கணக்கு இருக்கிறது. மலையில் கணவாய் 4000 மீட்டருக்கு மேல். கொற்றனுக்குத் தலைவலி, வாந்தி. இரண்டு நாள் காத்திருந்து பார்க்கிறார்கள், மிச்சம் தீர்ந்துபோகிறது, அவனுக்குத் தேறவில்லை, நடையில் தள்ளாட்டமும் வந்துவிடுகிறது. இறங்கினால்தான் பிழைப்பான். அவன் கீழே இறங்க, வேணி தனியாக ஏறுகிறாள். இரவில் குடத்து நீர் உறைந்து குடம் விரிசல் விடுகிறது. தான் வனைந்த குடத்தை அங்கேயே விட்டுவிட்டு, முளையை ஈரத்துணியில் சுற்றி உடம்போடு அணைத்துக்கொண்டு போகிறாள்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது, சுமை மாறவே இல்லை என்பதை. ஈரம் வேண்டும் என்ற ஒரே விதியிடம் சாலை "உள்ளே என்ன" என்று கேட்டது, ஆறு அளவுக்கு மேல் தண்ணீர் கொடுத்தது, உப்புவெளி தண்ணீரே தராது, மலை அந்தத் தண்ணீரை உறையவைத்தது. சுமக்கும் பொருளுக்கு இப்படி ஒரு தெளிவான தேவை இருந்தால் ஒவ்வொரு நிலமும் தன் தடையைத் தானே கொண்டுவரும், நீங்கள் தேடி அலைய வேண்டியதில்லை.

நாள், தூரம், தண்ணி எல்லாம் கணக்கு போடணுமா? இது கற்பனை உலகம்தானே?

உலகம்தான் கற்பனை, ஆட்களுக்குத் தாகம் எடுக்கும். கொஞ்சம் கணக்குப் போட்டால் தடை தானாகவே கிடைக்கிறது என்பதால்தான் சொல்கிறேன். நல்ல சாலையில் சுமையோடு நடப்பவர்கள் நாளுக்கு 25 கிலோமீட்டர் போனால் நல்ல நடை. மலையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. காய்ந்த உணவாகவே எடுத்துப்போனாலும் ஆளுக்கு நாளுக்கு ஏறக்குறைய 1 கிலோ. உயரம் 2500 மீட்டரைத் தாண்டினால் பழகாதவர்களுக்கு மலைநோய் வரலாம். எனக்கு இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது.

உப்புவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலைத் தவிர்த்து இரவில் நடந்தாலும் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் என்று வைத்தால், இரண்டு பேருக்கு 6 நாளுக்கு 48 லிட்டர். முளைக்கு நாளுக்கு 1 லிட்டர், 6 லிட்டர். மொத்தம் 54 லிட்டர், அதாவது 54 கிலோ. கழுதை தூக்கட்டும் என்றால் அதற்கே நாளுக்கு 10 லிட்டராவது வேண்டும், 60 லிட்டர், தன் தண்ணீரைச் சுமக்கவே அதன் முதுகு சரியாகப் போய்விடும். எனவே கழுதையை விட்டுவிட வேண்டும். பாருங்கள், வெறும் பெருக்கல் கணக்கு ஒரு பிரிவுக் காட்சியைக் கொடுத்துவிட்டது. ஆளுக்கு 27 லிட்டர் தண்ணீரும் 6 கிலோ உணவும் தோளில், இரவில் மட்டும் நடை.

மூன்றாம் நாள் முடிவில் 27 லிட்டர் மிச்சம் இருக்க வேண்டும். ஒரு தோல்பையில் தையல் விட்டு 9 லிட்டர் உப்பில் இறங்கிவிட்டது. மீதி 18. முளைக்கு 3 எடுத்தால் ஆளுக்கு நாளுக்கு இரண்டரை லிட்டர். முளையோ வாடத் தொடங்கிவிட்டது, அதற்கு இன்னும் வேண்டும். அன்றிரவு கொற்றன் ஒன்றும் சொல்லாமல் தன் பங்கில் பாதியைக் குடத்தில் ஊற்றுகிறான். கூலிக்கு வந்தவன் அந்த இடத்தில் கூலிக்காரனாக இருப்பதை நிறுத்துகிறான், இதைச் சொல்ல ஒரு வரி வசனம்கூட வேண்டாம். லிட்டர் கணக்கு வாசகருக்குத் தெரிந்திருப்பதால்தான் அந்தச் செயல் இவ்வளவு கனக்கிறது. கணக்கை நேரடியாகப் பாடம் மாதிரி எழுதாதீர்கள், இருவரும் பைகளை எண்ணிப்பார்க்கும் காட்சியில் ஒரு முறை சொன்னால் போதும்.

தடை எல்லாம் ஆசிரியர் வேணும்னே போட்ட மாதிரி இருக்குன்னு ஒருத்தர் சொன்னார். எப்படி சரி பண்றது?

ஒவ்வொரு தடையும் வெளியிலிருந்து வந்து விழுந்தால் அப்படித்தான் தெரியும். மழை, பிறகு புயல், பிறகு நிலச்சரிவு. ஒன்று தற்செயலாக வரலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த தடை முந்தைய மாற்றத்திலிருந்து வர வேண்டும். வேணியின் கதையில் பொய் சொன்னதால் பாலம் கிடைக்கவில்லை, பாலம் கிடைக்காததால் விதை முளைத்தது, முளைத்ததால் உப்புவெளி. சித்தப்பாவின் காய்ச்சல் மட்டும் தற்செயல், ஆனால் கதவடைப்பு அதே பழைய பொய்யால் வந்தது.

உங்கள் கட்டங்களை வரிசையாக எழுதி நடுவில் "அதனால்" போட்டுப் படியுங்கள். "அதனால்" பொருந்தாமல் "அப்புறம்" மட்டும் பொருந்தும் இடங்கள் தளர்ந்த இடங்கள். ஐந்து கட்டத்தில் ஒன்று "அப்புறம்" ஆக இருந்தால் பரவாயில்லை. நான்கு அப்படி இருந்தால் மேலே சொன்ன இடமாற்றுச் சோதனையிலும் அது தோற்கும்.

ஒண்ணுமே நடக்காத நாட்களை என்ன பண்ணலாம்? எல்லாத்தையும் விட்டுட்டா தூரமே தெரியலையே.

தாண்டிவிடலாம், ஆனால் தடம் தெரிய வேண்டும். "எட்டு நாள் நடந்தார்கள்" என்பதைவிட, எட்டு நாளில் உடம்பிலும் பழக்கத்திலும் என்ன ஆனது என்று நாலு வரி எழுதினால் தூரம் தெரியும். செருப்பு வார் மூன்று தடவை அறுந்தது. கொற்றன் முதல் நாள் தள்ளிப் படுத்தான், இப்போது நெருப்புக்குப் பக்கத்தில் படுக்கிறான். யார் விறகு பொறுக்குவது என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

எனக்குப் பிடித்த வழி, ஒரே செயலைக் கட்டத்துக்கு ஒரு முறை காட்டுவது. வேணி தினமும் குடத்தை நனைப்பாள். சாலையில் கவனமில்லாமல் ஊற்றுகிறாள், காட்டில் ஒளித்து ஊற்றுகிறாள், உப்புவெளியில் மூடியால் அளந்து ஊற்றுகிறாள், மலையில் வாயில் பனியை உருக்கித் துணியை நனைக்கிறாள். நடுவில் எத்தனை நாள் போனாலும் அந்த நான்கு முறையிலேயே பயணத்தின் நீளம் வந்துவிடும்.

பறக்கிற விலங்கு இருக்கு, மந்திரவாதியும் கூட வர்றார். ஏன் நடக்கணும்னு வாசகர் கேப்பாங்களே?

கட்டாயம் கேட்பார்கள், கேட்பதும் நியாயம். தடைக்கு நேராக வேலை செய்யும் மந்திரம் ஒன்று கையில் இருந்தால் அது தடையே இல்லை. கடைசி நேரத்தில் "இன்று மந்திரம் பலிக்கவில்லை" என்று எழுதுவதுதான் இருப்பதிலேயே மோசமான தீர்வு.

மந்திரத்துக்கு விலையை முதல் கட்டத்திலேயே வையுங்கள், அந்த விலை பயணத்தோடு மோதட்டும். மந்திரவாதி தண்ணீர் வரவழைக்க முடியும், ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் நினைவில் ஒரு பகுதி அழியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்தான் வழி தெரிந்தவரும்கூட. இப்போது உப்புவெளியில் தண்ணீருக்கும் வழிக்கும் நடுவே ஒன்றைத்தான் எடுக்க முடியும். தடையை நீக்கும் மந்திரமே மாற்றத்தைக் கொண்டுவந்துவிடுகிறது. பறக்கும் விலங்கும் அப்படித்தான். அது எதைத் தூக்க மறுக்கும், எங்கே இறங்க மறுக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

என் கூட்டத்துல ஏழு பேர். ஒவ்வொரு கட்டத்துலயும் ஏழு பேருக்கும் மாற்றம் காட்டணுமா?

முடியாது, முயற்சி செய்யவும் வேண்டாம். ஒரு கட்டம் ஒருவருடையது, அல்லது இருவருக்கு நடுவே உள்ள உறவுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்புவெளி கொற்றனுடையது, காடு சித்தப்பாவுடையது. மற்றவர்கள் அங்கே இருக்கிறார்கள், வேலை செய்கிறார்கள், அவ்வளவுதான்.

பட்டியல் போட்டுப் பார்த்து, எந்தக் கட்டமும் தன்னுடையது என்று சொல்ல முடியாத ஆள் யாராவது இருந்தால், அந்த ஆள் கூட்டத்தில் எதற்கு என்று யோசியுங்கள். ஏழு பேரில் இரண்டு பேரை ஒருவராக்கினால் பெரும்பாலும் கதைக்கு நல்லதுதான் நடக்கிறது.

தடை, மாற்றம், தடை, மாற்றம்னு போனா அதுவே சூத்திரம் மாதிரி தெரியாதா?

எல்லாக் கட்டமும் ஒரே நீளத்தில், மாற்றம் எப்போதும் கடைசிப் பக்கத்தில் வந்தால் தெரியும். இது நியாயமான பயம். என்னுடைய பழைய கதை ஒன்றில் ஒவ்வொரு கட்டமும் 20 பக்கம், ஒவ்வொன்றின் முடிவிலும் ஓர் இழப்பு என்று அடுக்கியிருந்தேன். படித்தவர் நான்காம் கட்டத்தின் தொடக்கத்திலேயே "இப்ப யார் போகப்போறா" என்று கேட்டார். அது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அவர் சொன்னது சரி.

இரண்டு வழி உண்டு. முதலாவது, மாற்றத்தை வேறு இடத்தில் வைப்பது. ஆற்றில் அது நடுவில் வருகிறது: கட்டுமரம் கவிழ்ந்த பிறகு பாதிக் கட்டம் முளையோடு நகர்கிறது. சாலையில் மாற்றம் நடந்தது அங்கே, ஆனால் அவர்களுக்குத் தெரியவருவது பாலத்தில். இரண்டாவது, எல்லா மாற்றமும் இழப்பாக இருக்கக் கூடாது. காட்டில் சித்தப்பாவை விட்டாலும், உண்மையைச் சொன்னால் கதவு திறக்கும் என்று வேணிக்கு ஒரு அனுபவம் கிடைக்கிறது, கடைசியில் மலை ஏரியைக் காக்கும் காவலரின் முன்னால் அவளுக்கு அதுதான் கைகொடுக்கப்போகிறது. நீளத்தையும் கலையுங்கள், ஒரு கட்டம் நாலே பக்கத்தில் முடியட்டும். தடையே இல்லாத ஒரு சின்ன இளைப்பாறலும் வைக்கலாம், ஆனால் அங்கேயும் ஒரு மாற்றம் இருக்கட்டும். களைப்பு தீர்ந்த இடத்தில்தான் யாராவது மனதில் இருப்பதைப் பேசுவார்கள்.

திரும்பி வர்ற பயணத்தையும் இப்படியே எழுதணுமா?

பெரும்பாலும் வேண்டாம். நோக்கம் முடிந்த பிறகு அதே பாதையை அதே அளவுக்கு எழுதினால் வாசகர் தாங்கமாட்டார். ஒரே ஒரு இடத்தில் நிறுத்துங்கள், போகும்போது மாற்றம் ஆழமாக நடந்த இடத்தில். வேணி திரும்பும்போது நான் சுங்கச்சாவடியைத்தான் எழுதுவேன். அதே காவலர் "கையில் என்ன" என்று கேட்கிறார், அவள் கையில் இப்போது ஒன்றும் இல்லை.

திரும்பும் பயணத்துக்கு என்றே புதிய தடை ஒன்று, உதாரணமாக கொற்றன் கீழே பிழைத்திருக்கிறானா என்று தெரியாமல் இறங்குவது, கதையில் மிச்சமிருந்தால் மட்டும் அதற்குத் தனிக் கட்டம் கொடுக்கலாம்.

முன்னூறு பக்கம் எழுதி முடிச்சாச்சு, இப்பதான் இதெல்லாம் படிக்கிறேன். மொத்தமா திரும்ப எழுதணுமா?

இல்லை. முதலில் ஒரு தாளில் கட்டத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: எந்த நிலம், என்ன தடை, உள்ளே போகும்போது என்ன இருந்தது, வெளியே வரும்போது என்ன இல்லை அல்லது என்ன கூடியது. கடைசி இடம் காலியாக இருக்கும் வரிகள்தான் படித்தவர்கள் இழுக்கிறது என்று சொன்ன இடங்கள். எனக்குத் தெரிந்த ஒவ்வொரு கைப்பிரதியிலும் இது பொருந்தியிருக்கிறது.

காலியான கட்டத்தை முதலில் நீக்கிப் பாருங்கள். நீக்கியும் பின்னால் எதுவும் உடையவில்லை என்றால் அது போகட்டும், அதில் உள்ள நல்ல வர்ணனை இரண்டு வரியைப் பக்கத்துக் கட்டத்துக்குக் கொடுங்கள். நீக்க மனம் வராவிட்டால், பின்னால் வேறெங்கோ நடக்கும் ஒரு மாற்றத்தை இங்கே முன்கூட்டிக் கொண்டுவாருங்கள். பெரும்பாலான கைப்பிரதிகளில் மாற்றங்கள் இல்லாமல் இல்லை, எல்லாம் கடைசி 60 பக்கத்தில் கூட்டமாக நின்றுகொண்டிருக்கும். கடைசியில் நடக்கும் துரோகத்தை மூன்றாம் கட்டத்துக்கு நகர்த்தினால், துரோகம் செய்தவனோடே மீதி வழியை நடக்க வேண்டியிருக்கும், அங்கிருந்து உங்கள் நாலாம், ஐந்தாம் கட்டத்துக்கு வேண்டிய தடைகள் கிடைக்கும்.

இதைச் செய்த பிறகு எல்லாப் பக்கத்தையும் திருத்த வேண்டியதில்லை. மாற்றம் நகர்ந்த இடத்திலிருந்து பின்னால் வரும் உரையாடல்களை மட்டும் படித்துப் பாருங்கள். அதற்கு முன் பேசிய மாதிரியே ஆட்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தால் அந்த வரிகளைத்தான் மாற்ற வேண்டும், அவை நீங்கள் பயப்படும் அளவுக்கு அதிகம் இருக்காது.